கலைச்சொல் விவாதம்: எதிரொலி அளவீட்டில் அருகருகே உள்ள இரண்டைப் பிரித்துக் காட்டும் தன்மைக்கு என்ன சொல்?

செல்வி:

அனைவருக்கும் வணக்கம். படகில் பொருத்தும் எதிரொலி ஆழமானி ஒன்றின் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆழம் கணக்கிடும் பகுதி சுலபமாக முடிந்துவிட்டது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் போகிறது. எதிரொலி 40 மில்லிநொடி கழித்து வந்தால் ஒலி போய்வந்த தூரம் 60 மீட்டர், அதில் பாதி 30 மீட்டர் ஆழம்.

அடுத்த பகுதியில்தான் நிற்கிறேன். கருவி அனுப்பும் துடிப்பு 0.5 மில்லிநொடி நீடித்தால், ஒன்றின் கீழ் ஒன்றாக 37.5 சென்டிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் இருக்கும் இரண்டு பொருள்கள் திரையில் ஒன்றாகவே தெரியும் என்கிறது கையேடு. இந்தத் தன்மைக்கு இப்போதைக்குத் 'தொலைவுத் தெளிவுத்திறன்' என்று எழுதியிருக்கிறேன். படத்துக்கும் திரைக்கும் சொல்லும் தெளிவுத்திறனோடு குழம்புமோ என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

முரளி:

செல்வி, 'தொலைவுத் துல்லியம்' போதுமே. கருவி நேரத்தை எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறதோ அவ்வளவு நுணுக்கமாகத் தொலைவு கிடைக்கும். 10 மைக்ரோநொடி வரை சரியாக அளந்தால் ஆழத்தில் பிழை 1 சென்டிமீட்டருக்கும் கீழே போய்விடும். 37.5 சென்டிமீட்டர் என்பது கடிகாரம் மெதுவாக ஓடும் பழைய கருவிக்குச் சொன்னதாக இருக்கும்.

கதிர்வேல்:

முரளி சொல்லும் கணக்கு ஒற்றைப் பொருளுக்குப் பொருந்தும். எதிரொலி பலமாக வந்தால் அதன் முன்விளிம்பை மிக நுணுக்கமாகக் குறிக்கலாம். துடிப்பு நீளமாக இருந்தாலும் தரையின் ஆழத்தைச் சென்டிமீட்டர் அளவில் சொல்ல முடியும். ஆனால் கையேடு பேசுவது இரண்டு பொருள்களைப் பற்றி. அங்கே கடிகாரம் உதவாது.

30 மீட்டர் ஆழத்தில் தரை, அதற்கு 25 சென்டிமீட்டர் மேலே ஒரு மீன் என்று வைத்துக்கொள்வோம். 0.5 மில்லிநொடித் துடிப்பு நீருக்குள் 75 சென்டிமீட்டர் நீளத்துக்கு நீண்டிருக்கும். மீனின் எதிரொலி முதலில் வரத் தொடங்கும். தரைக்குப் போய்வர ஒலி கூடுதலாக 50 சென்டிமீட்டர் கடக்க வேண்டும், எனவே தரையின் எதிரொலி 0.33 மில்லிநொடி தாமதமாகத் தொடங்கும். மீனின் எதிரொலியோ 0.5 மில்லிநொடி நீடிக்கும். அது முடிவதற்குள் தரையின் எதிரொலி அதன் மேலேயே வந்து விழுந்துவிடுகிறது. தரை மீனைவிடப் பல மடங்கு பலமாக எதிரொலிப்பதால், திரையில் தரைக்கோட்டின் மேல் சின்ன வீக்கம் மாதிரித் தெரியும். அதை மேடு என்றுதான் பெரும்பாலோர் நினைப்பார்கள். எவ்வளவு வேகமான கடிகாரம் வைத்தாலும் அது இந்தக் கலவையைத்தான் நுணுக்கமாகப் பதிவு செய்யும்.

அதே இடத்தில் துடிப்பை 0.1 மில்லிநொடியாகக் குறைத்துப் பாருங்கள். மீனின் எதிரொலி வந்து முடிந்து, 0.23 மில்லிநொடி அமைதி இருந்து, பிறகுதான் தரை வரும். இரண்டும் தனித்தனி. ஆனால் அதே மின்திறனில் அனுப்பும் ஆற்றல் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. ஆழம் கூடக்கூட மீனின் எதிரொலி இரைச்சலில் கரைந்துபோகும். குறுகிய துடிப்பைப் பிடிக்க ஏற்பியின் அலைவரிசைப் பட்டையை அகலமாகத் திறக்க வேண்டும் என்பதால் இரைச்சலும் கூடுதலாக உள்ளே வரும். ஆழமானியில் நீள, குறுகிய துடிப்பு இரண்டும் தேர்ந்தெடுக்கும்படி வைத்திருப்பது இதனால்தான்.

ஆகவே துல்லியம் வேண்டாம் என்பது என் கருத்து. இயற்பியல் பாடத்தில் ஏற்கெனவே இருக்கும் 'பிரிதிறன்' இங்கே கச்சிதமாகப் பொருந்தும்: தொலைவுப் பிரிதிறன்.

நிலா:

கதிர்வேல் ஐயா, என் பிரச்சினையும் இதுதானா பாருங்கள். HC-SR04 உணரியை வைத்து ஒரு தொட்டியின் நீர்மட்டம் அளக்கிறேன். அதன் விவரத்தாளில் 3 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் அதன் பிரிதிறன் 3 மில்லிமீட்டர்தானே? ஆனால் தொட்டிக்குள் குறுக்கே போகும் குழாயைத்தான் எப்போதும் காட்டுகிறது. நீர் அதற்கு 20 சென்டிமீட்டர் கீழே இருந்தாலும் தெரிவதில்லை.

கதிர்வேல்:

நிலா, அந்த 3 மில்லிமீட்டர் முரளி சொன்ன துல்லியத்தைச் சேர்ந்தது. உங்கள் உணரி 40 கிலோஹெர்ட்ஸில் 8 சுழற்சிகளை அனுப்புகிறது, அதாவது 200 மைக்ரோநொடி. காற்றில் நொடிக்கு 343 மீட்டர் என்றால் துடிப்பின் நீளம் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர், அதில் பாதி 3.4. நடைமுறையில் இதைவிட மோசமாகத்தான் இருக்கும், ஏனென்றால் மின்சாரம் நின்ற பிறகும் ஒலிவாய் சிறிது நேரம் அதிர்ந்துகொண்டிருக்கும்.

ஆனால் உங்கள் சிக்கல் வேறு. 20 சென்டிமீட்டர் இடைவெளியில் எதிரொலிகள் தாராளமாகப் பிரிந்துதான் வரும். அந்தப் பலகை முதலில் வரும் எதிரொலியோடு எண்ணுவதை நிறுத்திவிடுகிறது, இரண்டாவதைச் சொல்ல அதற்கு வழியே இல்லை. பெருக்கியின் வெளியீட்டை அலைகாட்டியில் பாருங்கள். குழாய்க்கு ஒரு மேடு, ஒரு மில்லிநொடிக்குச் சற்றுப் பிந்தி நீருக்கு இன்னொரு மேடு தெரிந்தால் நான் சொல்வது சரி. உணரியைக் குழாயிலிருந்து தள்ளி வைப்பதுதான் தீர்வு.

முரளி:

சரி, இரண்டு பொருள் விஷயம் புரிகிறது. அப்படியென்றால் காரணத்தையே பெயராக வைக்கலாமே: 'துடிப்பெல்லை'. துடிப்பின் நீளத்தில் பாதி என்பது படிப்பவருக்கு உடனே விளங்கும். ராடாருக்கும் ஒத்துவரும். 1 மைக்ரோநொடித் துடிப்பு 300 மீட்டர் நீளம், எல்லை 150 மீட்டர். பிரிதிறன் என்றால் என்ன காரணத்தால் என்பதே தெரியாது.

கதிர்வேல்:

காரணத்தைப் பெயரில் கட்டினால் அடுத்த தலைமுறைக் கருவியிலேயே பெயர் பொய்யாகிவிடும். இன்று பல சோனார்களும் ராடார்களும் துடிப்புக்குள்ளேயே அதிர்வெண்ணைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகின்றன. 5 மில்லிநொடி நீடிக்கும் துடிப்பில் அதிர்வெண் 20 கிலோஹெர்ட்ஸ் ஏறுகிறது என்று கொள்ளுங்கள். உங்கள் கணக்குப்படி எல்லை 3.75 மீட்டர். வந்த எதிரொலியை அனுப்பிய வடிவத்தோடு ஒப்பிட்டுச் சுருக்கினால் கிடைப்பதோ 3.75 சென்டிமீட்டர். அங்கே பிரிதிறனை முடிவு செய்வது பட்டை அகலம்:

```
ΔR = c / (2B) = 1500 / (2 × 20000) = 0.0375 m
```

நீளமான துடிப்பின் ஆற்றலும் கிடைக்கிறது, குறுகிய துடிப்பின் பிரிப்பும் கிடைக்கிறது. பெயரில் துடிப்பு இருந்தால் இதைப் படிப்பவர் தடுமாறுவார்.

முரளி:

செல்வியின் கருவி அந்த வகையில்லையே! அதற்குத் துடிப்பெல்லை சரிதான் என்றே இன்னும் நினைக்கிறேன்.

செல்வி:

முரளி அண்ணா, இந்தக் கருவிக்குச் சரிதான். ஆனால் அடுத்த கையேட்டுக்கு வேறு சொல் தேட எனக்கு மனமில்லை, பிரிதிறனையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. "பிரிதிறன் 37.5 சென்டிமீட்டர்" என்றால் எண் பெரிதாகும்போது திறன் குறைகிறது, "7.5" என்றால் கூடுகிறது. அட்டவணையில் இது தலைகீழாகப் படுகிறது. அதனால் தன்மைக்குப் 'பிரிதிறன்', அளவுக்குப் 'பிரிப்பிடைவெளி' என்று இரண்டாக வைக்கிறேன். "பிரிப்பிடைவெளி 7.5 சென்டிமீட்டர்" என்றால் சந்தேகமே வராது.

கதிர்வேல் ஐயா, குறுகிய துடிப்பு வைத்தால் தரைக்கு 10 சென்டிமீட்டர் மேலே இருக்கும் மீன் எங்கே இருந்தாலும் தெரியும் என்று எழுதலாமா?

கதிர்வேல்:

பிரிப்பிடைவெளி நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தை அப்படி எழுதாதீர்கள். மீன் படகுக்கு நேர் கீழே இருந்தால்தான் அது உண்மை. ஒலிக்கற்றை பக்கவாட்டிலும் விரிகிறது. நடுவிலிருந்து 10 பாகை விலகிய திசையில் தரை சாய்வாக 30.46 மீட்டர் தள்ளி இருக்கும். அங்கே தரைக்கு 10 சென்டிமீட்டர் மேலே உள்ள மீனின் தொலைவு ஏறத்தாழ 30.36 மீட்டர். நேர் கீழே உள்ள தரையின் எதிரொலி 30 மீட்டரிலேயே வந்துவிடுவதால் இந்த மீன் அதற்குப் பின்னால் மறைந்துபோகும். துடிப்பை எவ்வளவு குறைத்தாலும் இது மாறாது, கற்றையைக் குறுக்கினால்தான் மாறும். இதற்கும் பிரிதிறனுக்கும் தொடர்பில்லை, எனவே இந்த மறைவுப் பகுதிக்குத் தனிச் சொல் வேண்டும். என்னிடம் நல்ல சொல் இல்லை, யாராவது சொல்லுங்கள்.