கேம்ப் டேவிட் பகுப்பாய்வில் அமெரிக்காவை எங்கே வைப்பது?

வணக்கம். மேலாண்மைப் படிப்பின் பேச்சுவார்த்தைப் பாடத்துக்காக, 1978 செப்டம்பரில் எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் இடையே அமெரிக்கா 13 நாள் நடத்திய கேம்ப் டேவிட் பேச்சை ஆராய்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். 1967 போரில் இஸ்ரேல் கைப்பற்றிய சினாய் தீபகற்பம் முழுவதும் தன் இறையாண்மைக்குத் திரும்ப வேண்டும் என்பது எகிப்தின் நலன், எகிப்தியப் படை மீண்டும் எல்லையோரம் வந்து நிற்கக் கூடாது என்பது இஸ்ரேலின் நலன் என்று பிரித்துவிட்டால், நிலத்தைத் திருப்பிக் கொடுத்து அங்கே படைகளுக்கு வரம்பு விதித்த தீர்வு விளங்கிவிடுகிறது. நிலத்தைப் பாதியாகப் பங்கிட்டிருந்தால் இருவருக்கும் மனக்குறைதான் மிஞ்சியிருக்கும்.

எனக்குச் சிக்கல் அமெரிக்காவில்தான். ஒரே வரைவை இரு தரப்பிடமும் மாறி மாறிக் காட்டித் திருத்தியது நடுவர் வேலை. ஆனால், இஸ்ரேல் இழந்த விமானத் தளங்களுக்கு ஈடாக அதன் நெகேவ் பாலைவனத்தில் புதியவை கட்ட உதவியது ஒரு தரப்பின் செயல் அல்லவா? அப்படியானால் அதன் நலன்களையும் தனியாக எழுத வேண்டுமா, பரிந்துரைக்கும் உத்தியை யாருடைய இடத்திலிருந்து எழுதுவது என்று, இத்தகைய பகுப்பாய்வு எழுதிய அனுபவம் உள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.