கலைச்சொல்: விளம்பர ஏலத்தில் 'பிரேக் ஈவன் பிட்'டுக்கு என்ன சொல்லலாம்?

கயல்விழி:

வணக்கம். சிறு விற்பனையாளர்களுக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அமேசான் மாதிரித் தளங்களில் தேடல் முடிவுகளுக்கு நடுவே வரும் விளம்பரங்களைப் பற்றியது. ஒரு தேடுசொல்லுக்கு நாம் ஒரு தொகை சொல்கிறோம், போட்டியாளரும் சொல்கிறார், யாராவது கிளிக் செய்தால் காசு போகிறது. இதில் 'பிட்'டுக்கு 'ஏலத்தொகை' என்று போட்டிருக்கிறேன். நஷ்டம் வராமல் எவ்வளவு வரை போகலாம் என்ற அந்த உச்சவரம்புக்குத்தான் சொல் அகப்படவில்லை.

சுந்தரேசன்:

அன்புள்ள கயல்விழி, 'சமநிலை ஏலத்தொகை' என்று போட்டுவிடலாமே. வரவும் செலவும் சமமாகும் புள்ளி என்று கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில் சொல்வோம். அந்தப் புள்ளி வரை எவ்வளவு கொடுத்தாலும் லாபம்தான், தாண்டினால்தான் நஷ்டம். ஆகவே எல்லை ஒன்றே, சொல்லும் ஒன்றே போதும்.

ரஹீம்:

எனக்கும் இதே பிரச்சினைதான். கரூரிலிருந்து படுக்கை விரிப்பு விற்கிறேன். நான் பத்து ரூபாய்க்கு மேல் கேட்டதே இல்லை. ஆனால் சில கிளிக்குகளுக்கு இருபதுக்கு மேல் பிடித்திருக்கிறார்கள். போட்டியாளர்கள் ஏற்றிவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். இதற்கு ஏதாவது சொல் இருக்கிறதா?

பாலாஜி:

ரஹீம் பாய், போட்டியாளர் ஏற்றினால் உங்களுக்குக் கிளிக் குறையும், அல்லது உங்கள் உச்சத்தொகை வரைக்கும் விலை ஏறும். நீங்கள் சொன்ன தொகையைத் தாண்டிப் போகாது. தாண்டியிருந்தால் உங்கள் அமைப்பில் ஏதோ அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். நீங்கள் எந்தத் தளம் என்று சொல்லவில்லை, எனக்குத் தெரிந்த அமேசானை வைத்துச் சொல்கிறேன். அங்கே `Dynamic bids - up and down` என்று ஒன்று உண்டு. விற்கும் வாய்ப்பு அதிகம் என்று தளம் கருதினால், முதல் பக்கத்தின் உச்சி இடத்துக்கு உங்கள் தொகையை இரண்டு மடங்கு வரை அதுவே ஏற்றும். உச்சி இடத்துக்குக் கூடுதலாக 50% என்று தனியாக வேறு போட்டிருந்தால் பத்து பதினைந்தாகி, அந்தப் பதினைந்து முப்பது வரை போகும். இட வாரியான அறிக்கையைத் திறந்து, உச்சி இடத்தில் மட்டும் கிளிக் விலை எகிறியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் போட்டியாளர் மேல் பழி போட வேண்டாம். `Dynamic bids - down only` என்று மாற்றி, இடத்துக்கான கூடுதலையும் எடுத்துவிட்டால் பத்தைத் தாண்டாது.

கயல், சொல்லுக்கு வருகிறேன். கடைக்காரரிடம் போய் 'சமநிலை' என்றால் திருதிருவென விழிப்பார். அவர் வாயில் இருக்கும் சொல் 'கட்டுபடியாகாது' என்பது. அதோடு நாம் ஏலம் 'கேட்கிறோம்', தொகையைக் 'கேள்வி' என்கிறோம். அதனால் 'கட்டுபடிக் கேட்பு' என்று வைக்கலாம்.

ஆனால் சுந்தரேசன் ஐயா சொன்னபடி எல்லை ஒன்றில்லை. ஒரு இரும்பு தோசைக்கல்லை எடுத்துக்கொள்வோம். வரி போக விலை 1,000 ரூபாய். செய்கூலி, பொட்டலம் எல்லாம் 450. தளத்தின் கமிஷனும் அனுப்பும் செலவும் 250. திரும்பி வருபவற்றுக்கென்று 60 ஒதுக்குகிறோம். மிச்சம் 240. நூறு கிளிக்கில் பத்துப் பேர் வாங்கினால் ஒரு கிளிக்குக்கு 24 ரூபாய் வரை கொடுக்கலாம், கையில் ஒன்றும் நிற்காது. ஒவ்வொரு கல்லிலும் நூறு ரூபாயாவது நிற்க வேண்டும் என்றால் 140-ஐத்தான் விளம்பரத்துக்கு விட முடியும். அப்போது வரம்பு 14. முதலாவதை 'முதல்மட்டக் கேட்பு' என்றும் இரண்டாவதைக் 'கட்டுபடிக் கேட்பு' என்றும் பிரிக்கலாம்.

சுந்தரேசன்:

கணக்கு புரிகிறது தம்பி. ஆனாலும் போட்டியாளர் விலையைப் பத்தொன்பதுக்கு ஏற்றிவிட்டார் என்று வையுங்கள். ஒரு கல்லுக்கு 190 போகும், 50 ரூபாய் நிற்கும். பதினான்கிலேயே பிடிவாதமாக நின்று விற்பனையை விடுவதைவிட அது மேல் இல்லையா?

பாலாஜி:

ஐயா, அங்கேதான் சறுக்குகிறார்கள். வாரம் 100 கிளிக், கிளிக் 11 ரூபாய் என்று ஓடிக்கொண்டிருந்தது. பத்துக் கல் விற்று, விளம்பரம் போக 1,300 நின்றது. இப்போது போட்டி ஏறிவிட்டது. அதே 100 கிளிக் வேண்டுமென்றால் 19 கொடுக்க வேண்டும். 2,400-இல் 1,900 போய் 500 நிற்கும்.

பதினான்கிலேயே நின்றால் விளம்பரம் பக்கத்தில் கீழே இறங்கும், 60 கிளிக்தான் வரும். கொடுப்பது நாம் கேட்ட தொகை முழுவதும் அல்ல, அடுத்தவரைத் தாண்டத் தேவையான அளவுதான். அதனால் கீழ் இடத்தில் 11-க்கே கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு கல், 1,440 வரவு, 660 செலவு, 780 நிற்கும்.

அதாவது ஏற்றிக் கேட்டால் நான்கு கல் கூடுதலாக விற்கும், 280 ரூபாய் குறையும். அந்த நான்கு கல்லுக்காகக் கூடுதலாகப் போனது 1,240, கல்லுக்கு 310. மிச்சமே 240-தானே. சராசரியைப் பார்த்தால் இது தெரியாது, ஏனென்றால் விலை ஏறும்போது பழைய 60 கிளிக்கும் சேர்ந்தே ஏறுகிறது. அறிக்கையில் விளம்பரச் செலவு விற்பனையில் 19% என்று நல்ல பிள்ளையாகத்தான் தெரியும்.

கயல்விழி:

அப்படியானால் அந்தக் கூடுதல் கல்லுக்கு ஆகும் 310-க்கும் ஒரு பெயர் வேண்டும். கையேட்டில் அதைச் சொல்லாமல் விட முடியாது. பொருளியல் பாடநூலில் 'இறுதிநிலைச் செலவு' என்று இருக்கிறது.

தர்ஷினி:

யாழ்ப்பாணத்தில நாங்கள் 'எல்லைச் செலவு' என்றுதான் படிச்சனாங்கள். ஆனால் கயல் அக்கா, உங்கட கையேட்டில 'எல்லை' என்று போட்டால், அது உச்சவரம்பு என்று ஆட்கள் விளங்கிக்கொள்ளுவினம். இறுதிநிலை என்றாலும் கடைசி நாள் செலவோ என்று கேட்பினம்.

இன்னொன்று பாலாஜி அண்ணா. விளம்பரத்தால விற்கிற கல்லும் தேடல் வரிசையில எங்கட பொருளை மேல தூக்கும்தானே? அப்ப பிறகு விளம்பரம் இல்லாமலும் விற்கும். அந்த 280-ஐ நட்டம் என்று சொல்லேலுமா?

பாலாஜி:

சில நேரம் சொல்ல முடியாது, தர்ஷினி. புதுப் பொருளாக இருந்தால் முதல்மட்டத்தைத் தாண்டியும் சில வாரம் கேட்பேன். ஆனால் விளம்பரச் செலவை விளம்பர விற்பனையோடு மட்டும் வகுக்காமல், மொத்த விற்பனையோடும் வகுத்துப் பார்ப்பேன். தானாக வரும் விற்பனை ஏறாமல் அந்த விகிதம் மட்டும் ஏறினால், தூக்கிவிடுகிறது என்பது நம் ஆசை. பழகிய பொருளில் பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது. எத்தனை வாரம் பொறுப்பது என்பதில் எங்கள் அலுவலகத்திலேயே சண்டை.

சுந்தரேசன்:

முதல்மட்டம், கட்டுபடி இரண்டையும் ஏற்கிறேன். சமநிலையைத் திரும்பப் பெறுகிறேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அடைப்புக்குறியில் இருக்கட்டும், மாணவர்கள் தேடுவார்கள். 'கேட்பு' எனக்குக் காதில் கேட்பதாகத்தான் ஒலிக்கிறது.

ரஹீம்:

பாலாஜி தம்பி, பார்த்தேன். எங்கள் தளத்திலும் அந்த மாதிரி ஒன்று தொடக்கத்திலிருந்தே போட்டிருக்கிறது, உச்சி இடத்தில்தான் இருபதுக்கு மேல் பிடித்திருக்கிறது. ஆனால் விற்றதில் பாதிக்கு மேல் அந்த இடத்தில்தான். இதை எடுத்துவிடவா, வேண்டாமா?

பாலாஜி:

பாய், உச்சி இடத்தில் நூறு கிளிக்குக்கு எத்தனை விற்றது, கீழே எத்தனை விற்றது, ஒரு விரிப்பில் உங்களுக்கு மிச்சம் எவ்வளவு? இந்த மூன்றையும் அனுப்புங்கள். உச்சியில் வாங்குபவர் விகிதம் இரண்டு மடங்கு இருந்தால், அந்த இடத்துக்கான கட்டுபடிக் கேட்பும் இரண்டு மடங்கு. அப்போது இருபது சரியான விலையாகக்கூட இருக்கலாம்.

கயல்விழி:

முதல்மட்டக் கேட்பு, கட்டுபடிக் கேட்பு இரண்டும் வரைவில் ஏறிவிட்டன, ஐயாவின் சமநிலையோடு. அந்த 310-க்கு இப்போதைக்குக் 'கூட்டிக் கேட்டதன் செலவு' என்று நீட்டி எழுதுகிறேன். யாராவது சுருக்கித் தாருங்கள்.