டிராபேக் வந்த பிறகு பணம் குறைந்தால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கரூர் ஹோம் டெக்ஸ்

ஏற்றுமதிச் சரக்கின் மூலப்பொருளுக்குக் கட்டிய வரிக்கு ஈடாக அரசு தரும் டிராபேக்கில் என் கேஸைச் சொல்கிறேன். இதே மாதிரி நோட்டீஸ் வாங்கியவர்கள் என்ன செய்தீர்கள் என்று தெரிய வேண்டும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எண்களை முழுமையாக்கியிருக்கிறேன். உங்கள் சரக்குக்கு என்ன விகிதம் என்பதை டிராபேக் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனிக்கு சமையலறைத் துணிகள் அனுப்பினோம். இன்வாய்ஸ் சிஐஎஃப் 40,000 டாலர். கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் 2,000 போக எஃப்ஓபி 38,000. அன்றைய கஸ்டம்ஸ் மாற்று விகிதம் 83 ரூபாய் என்று வைத்தால் ரூ.31,54,000. டிராபேக் விகிதம் 2.5%, ஆக ரூ.78,850 வர வேண்டும். ஆனால் அட்டவணையில் அந்தச் சரக்கின் வரிசை எண்ணுக்குக் கிலோவுக்கு 12 ரூபாய் உச்சவரம்பு இருந்தது. சரக்கு 6,000 கிலோ. இரண்டில் எது குறைவோ அதுதான் என்பதால் கணக்கில் ஏறியது ரூ.72,000.

இதற்கென்று தனி விண்ணப்பம் எதுவும் போடவில்லை. ஷிப்பிங் பில்லே கோரிக்கை. கப்பல் கிளம்பி, அதில் ஏறிய சரக்குப் பட்டியலான ஈஜிஎம் பதிவான பிறகு பணம் நேராக வங்கிக்கு வந்தது.

பிரச்சினை அப்புறம்தான். சாயம் ஒட்டுகிறது என்று வாங்குபவர் 1,500 டாலர் பிடித்துக்கொண்டார். அங்கிருக்கும் வங்கி தன் கட்டணமாக 45 டாலர் எடுத்தது. வந்து சேர்ந்தது 38,455. இரண்டு வருடம் கழித்து நோட்டீஸ்: ஏற்றுமதிப் பணம் வந்ததற்கு ஆதாரம் இல்லை, ரூ.72,000 முழுவதையும் வட்டியுடன் கட்டவும், அல்லது 30 நாளில் ஆதாரம் காட்டவும். விசாரித்தால், பணம் வந்தும் எங்கள் வங்கி அந்த ஷிப்பிங் பில்லை, ஏற்றுமதிப் பணத்தைக் கண்காணிக்கும் ரிசர்வ் வங்கிக் கணினி முறையான ஈடிபிஎம்எஸ்ஸில் முடித்து வைக்காமல் விட்டிருந்தது. பணம் வந்ததற்கான வங்கிச் சான்றான இ-பிஆர்சி எடுத்துக் கொடுத்ததும் முழுத் தொகை என்பதைக் கைவிட்டார்கள். இப்போது வராத பகுதிக்கு மட்டும் கட்டச் சொல்கிறார்கள். அந்தப் பகுதி எவ்வளவு என்பதில்தான் இழுபறி.

தூத்துக்குடி கிளியரிங்

அக்கா, 45 டாலரையும் 1,500 டாலரையும் முதலில் பிரித்து வையுங்கள். வெளிநாட்டு வங்கிக் கட்டணத்துக்காக டிராபேக்கைக் குறைக்கத் தேவையில்லை. 2019 செப்டம்பரில் வந்த கஸ்டம்ஸ் சுற்றறிக்கை 33 இதைச் சொல்கிறது: ஏஜென்சி கமிஷனும் வங்கிக் கட்டணமும் சேர்ந்து எஃப்ஓபியில் 12.5 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். அதன் நகலைப் பதிலோடு இணையுங்கள். நான் கொடுத்த பதில்களில் இந்தப் பகுதிக்கு மறுப்பு வந்ததில்லை.

1,500 வேறு. அது விலையே குறைந்தது. 2017 டிராபேக் விதிகளில் 18-ஆம் விதிப்படி, வராத பணம் மொத்தப் பணத்தில் எத்தனை பங்கோ, கொடுத்த டிராபேக்கில் அத்தனை பங்கைத் திருப்பித் தர வேண்டும். 40,000-க்கு 1,500 என்றால் 3.75%. ரூ.72,000-ல் அது ரூ.2,700. டிராபேக் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து ஆண்டுக்கு 15% வட்டி. இரண்டு வருடத்துக்கு ரூ.810.

திருப்பூர் பனியன்

எதுக்குக் கட்டணும்? 12.5 சதவீதம் வரை என்ன பிடித்தம் இருந்தாலும் கஸ்டம்ஸ் கேட்கக் கூடாது. 1,500 அதற்குள்தானே வருகிறது. எங்கள் ஏஜென்ட் கமிஷன் 5%, இதுவரை ஒரு ரூபாய் கேட்டதில்லை.

தூத்துக்குடி கிளியரிங்

உங்களுக்குக் கேட்கவில்லை, ஏனென்றால் உங்களுடையது உண்மையிலேயே கமிஷன், ஷிப்பிங் பில்லிலும் காட்டியிருப்பீர்கள். அந்த வரம்பு எல்லாப் பிடித்தத்துக்கும் பொருந்தாது. தரக்குறைவுக்குக் கொடுத்த தள்ளுபடியைக் கமிஷன் என்று எழுதிக் கொடுத்தால், வாங்குபவரின் கிரெடிட் நோட்டே எதிராகப் பேசும்.

கோவை மெஷினரி

நானும் டிராபேக்கில் மாட்டினேன். இத்தாலியிலிருந்து இறக்கிய மெஷின் சரியில்லை என்று திருப்பி அனுப்பினோம். கட்டிய வரியில் 98% தருவார்கள் என்றார்கள். அது இதுதானே? எங்களிடம் பிஆர்சி யாரும் கேட்கவில்லை.

தூத்துக்குடி கிளியரிங்

அது கஸ்டம்ஸ் சட்டத்தில் 74-ஆம் பிரிவு சார். இறக்குமதி செய்த அதே பொருளைத் திருப்பி அனுப்பினால் கிடைப்பது. நீங்கள் கட்டிய வரிதான் அங்கே கணக்கு. அக்காவுடையது 75-ஆம் பிரிவு. மூலப்பொருளுக்கு எவ்வளவு வரி கட்டினீர்கள் என்று யாரும் பில் கேட்பதில்லை, எஃப்ஓபியில் இத்தனை சதவீதம் என்று சராசரியாகக் கொடுக்கிறார்கள். அதனால்தான் அந்த மதிப்புக்குரிய பணம் நாட்டுக்குள் வந்ததா என்று பின்னாலேயே பார்க்கிறார்கள்.

கரூர் ஹோம் டெக்ஸ்

தம்பி, அந்த 3.75 சதவீதத்தைத்தான் நான் ஏற்கவில்லை. 1,500 குறைந்த விலைக்கே முதலில் விற்றிருந்தால்? எஃப்ஓபி 36,500, ரூ.30,29,500. அதில் 2.5% ரூ.75,737. அப்போதும் உச்சவரம்பில் முட்டி ரூ.72,000-தான் கிடைத்திருக்கும். விலை குறைந்ததால் எனக்குக் கூடுதலாக எதுவும் வரவில்லையே. வராத லாபத்தை எப்படித் திருப்பிக் கட்டுவது? பதிலில் இதைத்தான் எழுதப் போகிறேன்.

சேலம் ஆடிட்டர்

மேடம், உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் விதியின் வாசகம் டிராபேக் எப்படிக் கணக்கிடப்பட்டது என்று திரும்பிப் பார்க்கவில்லை, கொடுத்த தொகையில் பங்கு என்கிறது. உச்சவரம்பு பற்றி அங்கே பேச்சே இல்லை.

இன்னொன்றும் பாருங்கள். இன்வாய்ஸ் மதிப்பைக் குறைக்க உங்கள் வங்கி அனுமதி கொடுத்திருக்கும். 25% வரை வங்கியே அனுமதிக்கலாம், ஆனால் ஏற்றுமதிச் சலுகைகளில் அந்த விகிதத்துக்கு உரியதைத் திருப்பிக் கட்டியிருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி வைத்த நிபந்தனைகளில் ஒன்று. அந்தக் கடிதத்தில் அப்படி எழுதி நீங்கள் கையெழுத்திட்டிருந்தால், இப்போது எதுவும் கட்ட வேண்டியதில்லை என்று சொல்வது கடினம்.

என் கட்சிக்காரர்களில் ஒருவருக்கு இதே உச்சவரம்பு வாதத்தை ஒரு அதிகாரி ஏற்று விட்டுவிட்டார். வேறு துறைமுகத்தில் மற்றொருவருக்கு ஏற்கவில்லை. தொகை சிறியது என்று அவர் கட்டிவிட்டார், அதனால் மேலே போய் யாரும் தீர்ப்பு வாங்கவில்லை.

திருப்பூர் பனியன்

என்னுடையது வேறு சங்கடம். உள்நாட்டுக் கன்டெய்னர் முனையமான ஐசிடியில் கிளியர் ஆன சரக்கு, கப்பல் போயே விட்டது, டிராபேக் மட்டும் வரவில்லை. கஸ்டம்ஸ் ஏஜென்ட்டான சிஎச்ஏவைக் கேட்டால் வரும் வரும் என்கிறார்.

தூத்துக்குடி கிளியரிங்

கஸ்டம்ஸ் இணையதளமான ஐஸ்கேட்டில் ஷிப்பிங் பில் எண்ணைப் போட்டு ஈஜிஎம் நிலையைப் பாருங்கள். பிழை என்று காட்டினால், ஐசிடியில் பதிவான கன்டெய்னர் எண்ணோ பெட்டி எண்ணிக்கையோ துறைமுகத்தில் கப்பல் லைன்காரர் போட்டதோடு ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். லைன் திருத்தம் போடும் வரை உங்கள் பில் டிராபேக் வரிசைக்கே வராது. பிழை இல்லை என்றால், வங்கிக் கணக்கு கஸ்டம்ஸில் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று அடுத்துப் பாருங்கள்.

கரூர் ஹோம் டெக்ஸ்

வங்கிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன் சார். சலுகையைத் திருப்பித் தருவோம் என்று ஒரு வரி இருக்கிறது. எவ்வளவு என்று இல்லை. ரூ.2,700-ஐ வட்டியுடன் இப்போதே கட்டிவிட்டு, ஆட்சேபத்துடன் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் பின்னால் கேட்க முடியுமா? இதே உச்சவரம்பில் இன்னும் பல ஷிப்மென்ட் போயிருக்கின்றன. இதில் ஒப்புக்கொண்டால் எல்லாவற்றுக்கும் அதே கணக்குதான் வரும்.

சேலம் ஆடிட்டர்

கேட்கலாம். ஆனால் சலானோடு முடித்துக்கொள்ளாதீர்கள். உச்சவரம்புக் கணக்கைப் பதிலில் தனியாக எழுதி, அதை ஏன் ஏற்கவில்லை என்று காரணத்துடன் ஆணை கேளுங்கள். ஆணை கையில் கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம் போகலாம்.