மார்த்தாண்டத்தில் குறைந்த 24 கிலோ முந்திரி

கடைக்கணக்கு, நாகர்கோவில்: எங்களுக்கு மூன்று கடை. ஞாயிறு முந்திரிப்பருப்பு ஸ்டாக் எடுத்தோம். நாகர்கோவிலில் புத்தக இருப்பு 500 கிலோ, எடை போட்டால் 490, ரிப்போர்ட்டில் குறைவு 2%. மார்த்தாண்டம் 400, 376, குறைவு 1.2%. தக்கலை 300, 318, −6%. முதலாளி மார்த்தாண்டத்தைப் பாராட்டுகிறார், எனக்கு இடிக்கிறது. எதைச் சரிபார்க்க?

வேப்பமூடு: மூன்றையும் கூட்டுங்கள். 1,200-க்கு 1,184 இருக்கிறது, 16 கிலோ குறைவு. அதுதான் உண்மைக் கணக்கு, கடைவாரியாக மண்டையை உடைக்காதீர்கள்.

பழைய ஆடிட்டர்: கூட்டினால் மார்த்தாண்டத்துக் குறைவைத் தக்கலை மிச்சம் மூடிவிடும் அண்ணே. 400-ல் 24 போனால் 6%. 1.2% வரவேண்டுமென்றால் 24-ஐ 2,000-ஆல் வகுத்திருக்க வேண்டும். அது விற்பனை அளவா என்று பாருங்கள். அப்புறம் தக்கலை. குடோனில் பருப்பு குட்டி போடாது. மிச்சம் வந்தால் முதலில் எழுதாமல் விட்ட சரக்கைத்தான் தேடுவேன்.

குளச்சல் கருவாடு: எங்களுக்கு கருவாடு காய்ந்தே எடை குறையும். உங்களுக்கும் அதுவாக இருக்கும் மக்கா.

பழைய ஆடிட்டர்: சீல் வைத்த டின்னில் அப்படிக் காயாது.

கடைக்கணக்கு: ஆமாம், போன ஸ்டாக்குக்குப் பிறகு மார்த்தாண்டம் விற்றது 2,000 கிலோ. இன்னொன்று, சனி சாயங்காலம் அங்கிருந்து ஆட்டோவில் இரண்டு 10 கிலோ டின் தக்கலைக்குப் போனதாம். இரு கடையிலும் கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை.

பழைய ஆடிட்டர்: அப்படியானால் மார்த்தாண்டம் புத்தகம் 380, குறைவு 4 கிலோ. தக்கலை 320, குறைவு 2.

சந்தேகப்பிராணி: எண்ணி முடித்த பிறகு டிரான்ஸ்பர் போட்டால் எந்தத் திருட்டையும் மறைக்கலாமே! நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பழைய ஆடிட்டர்: நியாயமான பேச்சு. சனிக்கிழமைத் தேதியில் ஆட்டோ வாடகைச் சீட்டு இருக்கிறதா, டின் மேலுள்ள லாட் நம்பர் மார்த்தாண்டத்துக் கொள்முதல் பில்லோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் மட்டும் பதியுங்கள். நாகர்கோவிலில் இருப்பு ரிப்போர்ட் எப்போது எடுத்தது?

கடைக்கணக்கு: முந்தின நாள் ராத்திரி. எடை போட்டது காலை 11 மணிக்கு, கடை திறந்துதான் இருந்தது. இப்போதுதான் பில்லைப் பார்த்தேன், அதற்குள் 6 கிலோ விற்றிருக்கிறது.

பழைய ஆடிட்டர்: பிறகென்ன, அங்கே குறைவு 10 இல்லை, 4. வேப்பமூடு அண்ணன் சொன்ன 16-ம் 10 ஆகிவிட்டது.

வேப்பமூடு: மொத்தம் மாறாது என்றுதான் நினைத்தேன். சரி, விடுங்கள்.

கடைக்கணக்கு: தக்கலைக்குப் போய் வந்தேன். வாடகைச் சீட்டு இருக்கிறது, ஆனால் "டின்" என்று மட்டும் எழுதியிருக்கிறது, எத்தனை என்று இல்லை. ஒரு டின்னில் லாட் நம்பர் பொருந்துகிறது. இன்னொன்றின் லேபிளைக் கிழித்து எறிந்துவிட்டார்கள்.

சந்தேகப்பிராணி: அப்போ ஒரு டின்தான். மார்த்தாண்டத்தில் 14 கிலோ குறைவு, தக்கலையில் 8 மிச்சம் என்று எழுதுங்கள்.

பழைய ஆடிட்டர்: அந்த 8 எங்கிருந்து வந்தது என்று நீங்களே சொல்லுங்களேன்.