வெள்ளை வேன் கதவில் லோகோ: Displace தேவையா, இல்லையா?

வண்டிப்படம்:
வெள்ளை வேன் ஒன்றின் படம், முன்பக்கத்தில் இருந்து சாய்வாக எடுத்தது. பக்கவாட்டு இழுகதவில் கருநீல லோகோ வைக்க வேண்டும், ஒரு வட்டம், பக்கத்தில் பெயர். பெயரின் கடைசி இரண்டு எழுத்து கதவிடுக்கைத் தாண்டிப் பின்பக்கத் தகட்டில் விழுகிறது. போட்டோஷாப்பில் லோகோ லேயருக்கு Multiply போட்டு Displace ஃபில்டரும் ஓட்டினேன். காகிதம் ஒட்டிய மாதிரிதான் இருக்கிறது, நடுவில் ஓர் இடத்தில் எழுத்து காரணமே இல்லாமல் நெளிகிறது. எங்கே தப்பு?

லேயர்ராஜா:
Displace அளவு அதிகம், வேறொன்றுமில்லை. அது 10, 10 என்று கேட்கும், 3 போதும். எங்கே தள்ள வேண்டும் என்று Displace பார்க்கும் வரைபடக் கோப்பை நன்றாக மங்கலாக்கிவிட்டு ஓட்டுங்கள். அப்புறம் Blend If-இல் Underlying Layer பக்கம் வெள்ளை முனையை இழுத்தால் மினுமினுப்பு லோகோவின் மேலே வந்துவிடும். சட்டை, கொடி, சுவர் எல்லாவற்றுக்கும் நான் இதைத்தான் செய்கிறேன்.

கோணல்கோடு:
ராஜா, வேன் சட்டை இல்லையே. Displace-க்கு வடிவம் தெரியாது, வெளிச்சம் மட்டும்தான் தெரியும். நடுச்சாம்பலான 128 இருக்கும் இடத்தில் சும்மா இருக்கும், அதைவிட இருண்டால் ஒரு பக்கமும் வெளுத்தால் எதிர்ப்பக்கமும் தள்ளும். துணியில் மடிப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் நிழலும் இருக்கும், அதனால் அந்தத் தந்திரம் பலிக்கிறது. பளபளப்பான பெயின்ட்டில் வெளிச்சம் மாறுவது பெரும்பாலும் எதிரே நிற்கும் உலகத்தால். எதிரில் இருக்கும் தரையும் வானமும் சேரும் கோடு கதவில் மங்கலான சாம்பல் பட்டையாக விழுந்திருக்கும், அந்தப் பட்டை ஓடும் இடத்தில் தகடு தட்டையாகவே இருந்தாலும் Displace எழுத்தை நெளித்துவிடும். லோகோ லேயரை அணைத்துவிட்டு நெளிந்த இடத்தைப் பாருங்கள், பட்டை அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

வண்டிப்படம்:
இருக்கிறது. கைப்பிடிக்குக் கீழே லேசான ஒரு சாம்பல் பட்டை, நேற்று முழுக்க என் கண்ணில் படவே இல்லை.

லேயர்ராஜா:
சரி, பட்டை விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதவின் குறுக்கே ஓடும் மடிப்புக்கோட்டின் கீழே நிஜமாகவே நிழல் இருக்கிறதே, அதை Displace பிடிக்கும்தானே? நான் இப்படிச் செய்து கொடுத்த வண்டிப் படங்களை யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

கோணல்கோடு:
பிடிக்கும், ஆனால் தப்பாகப் பிடிக்கும். மடிப்பில் எழுத்தின் நிமிர்ந்த கால் திசை மாற வேண்டும், ஒடித்த குச்சி மாதிரி. Displace செய்வது, கீழ்ப்பாதியை அப்படியே பக்கவாட்டில் நகர்த்துவது. கால் ஒடியாது, படிக்கட்டு போல விலகி நிற்கும். யாரும் திருப்பி அனுப்பாததற்கு, அளவு 3 என்றால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்!

ஒட்டுக்கத்தி:
நான் இருபது வருடமாக வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். தம்பி, இடுக்கைத் தாண்டி வரும் எழுத்தைத் தனித்தனியாக வெட்டி, இடைவெளி விட்டு ஒட்டாதீர்கள், படிக்கும்போது எழுத்து அகலமாகிவிடும். முழுசாக ஒரே துண்டாக மேலே ஒட்டிவிட்டு, இடுக்கின் நடுவில் கத்தியை ஓட்டி, இரண்டு ஓரத்தையும் லேசாகச் சூடுகாட்டி உள்ளே மடக்கிவிடுங்கள். இழுகதவு என்றால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மடக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் தடவை இழுக்கும்போதே ஓரம் உரிந்துவிடும்.

வண்டிப்படம்:
அண்ணா, நான் நிஜ வண்டியில் ஒட்டவில்லை, கம்ப்யூட்டரில் படத்தின் மேல் வைக்கிறேன்.

ஒட்டுக்கத்தி:
ஓ, அப்படியா. நான் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

கோணல்கோடு:
இல்லை அண்ணா, இருங்கள், இவருக்கு வேண்டியதைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். படத்திலும் அதேதான். லோகோவை இடுக்குக்காக நகர்த்தக் கூடாது, நீட்டக் கூடாது. முழுசாக மேலே போட்டு, இடுக்கின் அகலத்தை மட்டும் மாஸ்க்கில் அழிக்க வேண்டும். அந்தச் சில பிக்ஸலில் இருந்த எழுத்துப் பகுதி காணாமல் போகட்டும், நிஜத்திலும் அது உள்ளே மடங்கிப்போவதுதான்.

அழிக்கும்போது கவனிக்க ஒன்று உண்டு. சாய்வாக எடுத்த படத்தில் இடுக்கைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது ஒரே கறுப்புக் கோடாக இருக்காது. ஒரு கறுப்பு, அதன் ஒட்டில் தகடு உள்ளே மடங்கும் மெல்லிய வெளிச்சக் கீற்று, அப்புறம்தான் தட்டையான பெயின்ட். ஸ்டிக்கர் அந்த மடிப்பில் ஏறித்தான் உள்ளே போகிறது, அதனால் கறுப்பை மட்டும் அழித்து, கீற்றின் மேல் நீலம் இருக்கும்படி விடுங்கள். கீற்றையும் சேர்த்து அழித்தால் இடுக்கு இரு மடங்கு அகலமாகத் தெரியும். மாஸ்க் ஓரம் படத்தின் கூர்மைக்குச் சமமாக இருக்கட்டும், இடுக்கே ஒன்றிரண்டு பிக்ஸல் மங்கலாக இருக்கும்போது உங்கள் வெட்டு மட்டும் பிளேடால் அறுத்த மாதிரி நின்றால் அங்கேயே கள்ளம் வெளிப்படும்.

வண்டிப்படம்:
புரிகிறது. வட்டத்துக்கு வருகிறேன், கதவின் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் இணையாக Distort செய்தேன், ஆனாலும் வட்டம் பருத்துத் தெரிகிறது. எவ்வளவு ஒடுக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்?

கோணல்கோடு:
வண்டியிலேயே ஒரு வட்டம் இருக்கிறதே! பின்சக்கரம் கதவுக்கு ஏறக்குறைய இணையான தளத்தில் நிற்கிறது. அதன் உலோக வளையத்தின் வெளிவிளிம்பை அளந்து, அகலத்தை உயரத்தால் வகுங்கள். டயரை அளக்காதீர்கள், டயரின் தடிமனும் பக்கவாட்டில் தெரிவதால் அகலம் கூடிவிடும். முன்சக்கரமும் வேண்டாம், ஓட்டுநர் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பி நிறுத்தியிருந்தால் கணக்கு கெட்டது.

வண்டிப்படம்:
உயரம் 512, அகலம் 430. அப்படியென்றால் 0.84. என் வட்டம் 300 உயரம், 290 அகலம் இருந்தது, 252 இருக்க வேண்டும். இவ்வளவு தப்பாகவா வைத்திருந்தேன்!

நிழலி:
252 என்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிட்டத்தில் நின்று அகலக்கோண லென்ஸில் எடுத்த படமென்றால் கதவு இருக்கும் இடத்தில் ஒடுக்கம் வேறு, பின்சக்கரம் இருக்கும் இடத்தில் வேறு, தூரம் போகப்போக இன்னும் ஒடுங்கும். தூரத்தில் நின்று எடுத்த படத்தில் இந்தக் கணக்கு நன்றாகவே ஒத்துவரும். என்னிடம் முன்னாடியே சொல்லிவிட்டு எடுக்கச் சொன்னால், கதவில் மாஸ்கிங் டேப்பால் ஒரு சதுரம் ஒட்டி ஒரு படமும், எடுத்துவிட்டு ஒரு படமும் எடுத்துக் கொடுப்பேன், இந்தச் சண்டையே வராது.

கோணல்கோடு:
உண்மை, ஆனால் படம் கைக்கு வந்த பிறகுதானே நம்மைக் கூப்பிடுகிறார்கள். வண்டிப்படம், ஒடுக்கிய பிறகு வளைவு. கதவின் முன்பக்கத்து நிமிர்ந்த இடுக்கைப் பாருங்கள், மேலிருந்து கீழே லேசாக வில் போல இறங்கி, மடிப்புக்கோட்டில் திசை மாறும். உங்கள் எழுத்தின் நிமிர்ந்த கால்களும் அதே வில்லை எடுக்க வேண்டும். லோகோவை Smart Object ஆக்கி Warp-இல் அந்த இடுக்குக்கு இணையாகப் பக்கங்களை வளையுங்கள். மடிப்பு கூர்மையாக இருந்தால் லோகோவை இரண்டு பிரதி எடுத்து, மடிப்புக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாஸ்க் போட்டுத் தனித்தனியாக வளைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. ஒரே Warp-இல் செய்தால் ஒடிவதற்குப் பதில் வழுக்கி வளைகிறது.

லேயர்ராஜா:
இங்கே ஓர் ஓட்டை இருக்கிறது. இடுக்கு எப்போதும் நேராக வெட்டியதா என்ன? சில வண்டிகளில் கதவின் விளிம்பே சாய்வாக, சக்கர வளைவை ஒட்டித்தான் வெட்டப்பட்டிருக்கும். அதைப் பார்த்து எழுத்தை வளைத்தால் தட்டைக் கதவில் சாய்வெழுத்து வரும்.

கோணல்கோடு:
நியாயமான கேள்வி. அதே வண்டியை நேர்ப்பக்கத்தில் இருந்து எடுத்த படம் ஏதாவது கிடைத்தால் இடுக்கு அங்கே நேர்கோடா என்று பார்த்துவிடலாம். கிடைக்காவிட்டால் கண்தான் கணக்கு.

நிழலி:
பிரதிபலிப்பைப் பற்றி யாருமே பேசவில்லையே. காகிதம் ஒட்டிய மாதிரி இருப்பதற்கு என் கணக்கில் அதுதான் முதல் காரணம். பெயின்ட்டின் மேல்பூச்சு, நேராகப் பார்க்கும்போது, தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைக் கண்ணாடி போலத் திருப்பும், சாய்வாகப் பார்க்கப் பார்க்க இன்னும் கூடும். வெள்ளைக் கதவு தானே அவ்வளவு ஒளியைச் சிதறடிக்கும்போது இந்த 4 சதவீதம் கூட்டத்தில் காணாமல் போகிறது. அதே இடத்தில் பளபளப்பான கருநீலம் ஒட்டினால், நீலம் தானாகத் திருப்பும் ஒளியே மிகக் கொஞ்சம், அதனால் அதே 4 சதவீதம் பளிச்சென்று தெரியும். அதாவது உங்கள் லோகோவில் தெரிய வேண்டிய வானம் வெள்ளைக் கதவின் படத்தில் ஏறக்குறைய இல்லை. Multiply நிழலை மட்டும் சரியாகக் கொண்டுவரும், வானத்தைக் கொண்டுவராது.

லேயர்ராஜா:
அதற்குத்தானே Blend If சொன்னேன்.

நிழலி:
வெள்ளை வேனில் கதவு முழுக்க வெளிச்ச அளவு 220-க்கு மேல்தானே ராஜா. வெள்ளை முனையை உள்ளே இழுத்தால் பிரதிபலிப்பு வராது, லோகோதான் ஓட்டை ஓட்டையாகக் காணாமல் போகும். கறுப்பு வண்டியில் வெள்ளை லோகோ என்றால் கதை தலைகீழ், அங்கே படம் முழுக்கப் பிரதிபலிப்புதான், லோகோவின் மேல் அதை அப்படியே விட்டால் பொய்யாக இருக்கும், ஏறக்குறைய அழித்துவிட வேண்டும்.

நான் செய்வது இது. கதவைப் பிரதி எடுத்து, நிறத்தை நீக்கி, Levels-இல் கறுப்பு முனையைக் கதவின் சாதாரண வெளுப்பு கறுப்பாகும் வரை தள்ளினால் மிச்சமிருக்கும் மெல்லிய வெளிச்ச வேறுபாடு பிதுங்கி வரும். அதை மங்கலாக்கி, லோகோவுக்கு மேலே Screen-இல், லோகோவின் வடிவத்துக்குள் மட்டும். பட்டை ஓடும் உயரம் தெரியாவிட்டால் பக்கத்துக் கறுப்புக் கண்ணாடியைப் பாருங்கள், வானம் எந்தப் பக்கம் வெளுத்திருக்கிறது என்பது அங்கே தெளிவாக இருக்கும். ஆனால் கண்ணாடி சாய்ந்திருப்பதால் கோட்டின் உயரத்தை அப்படியே எடுக்காதீர்கள்.

கோணல்கோடு:
Screen-ஐ விட Linear Dodge (Add) சரி என்பேன், ஒளி கூட்டல்தானே.

நிழலி:
8 பிட் கோப்பில் இரண்டுமே நிஜக் கூட்டல் இல்லை. Add கொஞ்சம் கூடினாலே வெளுத்து வெட்டிவிடுகிறது, நான் Screen-ஐ விடமாட்டேன்.

ஒட்டுக்கத்தி:
மங்கல் ஸ்டிக்கர் என்றும் ஒன்று இருக்கிறது, அதில் வானமெல்லாம் தெரியாது. வாடிக்கையாளர் எதைக் கேட்டார் என்று முதலில் கேளுங்கள்.

வண்டிப்படம்:
கேட்டேன், பளபளப்புதானாம். Displace-ஐத் தூக்கிவிட்டேன், வட்டம் 252, இடுக்கில் கீற்றை விட்டுவிட்டேன், Screen லேயர் 25 சதவீதத்தில் இருக்கிறது. கைப்பிடியின் நிழல் Multiply-ஆல் தானாகவே நீலத்தின் மேல் சரியாக விழுகிறது. மடிப்புக்குக் கீழே பெயரின் கால்கள் இன்னும் ஒரு பக்கமாகச் சாய்ந்த மாதிரி இருக்கிறது, இந்த வண்டியின் இடுக்கு ராஜா சொன்ன மாதிரி சாய்வாக வெட்டியதோ என்று சந்தேகம்.

லேயர்ராஜா:
நான் சொன்னேனே. கொடிக்கு நான் Displace-தான்.