எத்தனையாவது மெயிலில் போனை எடுக்கிறீர்கள்?

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சாம்பிள் டி-ஷர்ட்டில் மார்பளவு 1 செ.மீ. குறைகிறது என்று பையர் மெயில் போட்டார். நாங்கள் அளந்தால் சரியாகத்தான் இருந்தது. இப்படியே 6 நாளில் 14 மெயில். கடைசியில் போனில் 5 நிமிடம் பேசியதும் விளங்கிவிட்டது: அவர்கள் அக்குள் தையலுக்கு 2.5 செ.மீ. கீழே அளக்கிறார்கள், நாங்கள் அக்குளிலேயே அளந்திருக்கிறோம். ஒரே பதிலை இரண்டாம் முறை எழுதும்போதே கூப்பிட்டிருக்க வேண்டும்.

ஆனால் போனில் ஒத்துக்கொண்டதைப் பிறகு மறுத்துவிட்டால்? பேசி முடித்ததும் ‘இன்று பேசியபடி’ என்று அளவுகளை எழுதி மெயில் போட்டுவிடுகிறேன். அதற்குப் பதில் வராவிட்டால் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு துணியைக் கட்டிங்குக்கு அனுப்பலாமா? நீங்கள் எந்தக் கட்டத்தில் போனுக்கு மாறுகிறீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.