கொல்லிமலை இறக்கத்துல கை மரத்துப்போகுது, முன் ட்யூபும் வெடிச்சிருச்சு. தப்பு எங்க?

முட்டையூர்க்காரன்

சோளக்காட்டுல இருந்து காரவள்ளிக்கு இறங்குற ரோடு. ரோடு பைக், அலுமினிய ரிம், கேலிப்பர் பிரேக், 25 மி.மீ. டயர், முன்னாடி பின்னாடி ரெண்டுலயும் 115 பி.எஸ்.ஐ. காத்து. என் எடை 72 கிலோ.

கையை ஹுட் மேல வெச்சு, ரெண்டு பிரேக்கையும் லேசா பிடிச்சபடியேதான் இறங்குறேன். வேகத்தை 20க்கு மேல விடுறதே இல்ல. அப்படியும் பாதி வளைவு தாண்டுறதுக்குள்ள முன்கை இறுகி, விரல் மரத்துப்போகுது. அதுக்கப்புறம் லீவரை எவ்வளவு அழுத்துறேன்னு எனக்கே தெரியல. இடது கொண்டை ஊசியில சைக்கிள் தானா நடுக்கோட்டைத் தாண்டி வலது பக்கம் ஓடுது.

போன ஞாயித்துக்கிழமை ஓரமா நிறுத்தி ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும், முன் ட்யூப் டமால்னு போச்சு. டயர்ல முள்ளும் இல்ல, கண்ணாடியும் இல்ல. டிஸ்க் பிரேக் சைக்கிளுக்கு மாறணுமா, இல்ல ஓட்டுற விதத்துலதான் கோளாறா?

புல்லட்_பித்தன்

மலை ஏறுன கியர்லயே இறங்கணும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? முதல் கியர்ல போடுங்க தம்பி, வண்டி தானா பிடிச்சுக்கும். பிரேக்கையே தொட வேண்டாம்.

சங்கிலி_எண்ணெய்

அண்ணே, அது இன்ஜின் இருக்குற வண்டிக்கு. சைக்கிள்ல ஃப்ரீவீல் சும்மா சுத்தும், எந்த கியர்ல போட்டாலும் வேகம் குறையாது. வளைவு முடிஞ்சு மிதிக்கும்போது கால் வெத்தா சுத்தாம இருக்கத்தான் கியர். இறக்கத்துக்குப் பெரிய செயின்ரிங்ல விடுங்க. செயின் இறுக்கமா நிக்கும், குலுங்கிக் கழண்டு விழாது.

முட்டையூரு, முதல்ல ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. ட்யூப்ல ஓட்டை எந்தப் பக்கம்? ரோட்டைப் பாக்குற பக்கமா, ரிம்மைப் பாக்குற உள்பக்கமா? வால்வை ரிம் ஓட்டைக்கு நேரா வெச்சு, ட்யூபை சக்கரத்து மேல சுத்திப் பாத்தா தெரிஞ்சிடும்.

பழைய_கேலிப்பர்

டிஸ்க்கெல்லாம் வேண்டாம். முன் பிரேக்கை இறக்கத்துல தொடாதீங்க, தலைகுப்புறத் தூக்கிப் போட்டுரும். பின் பிரேக்லயே இறங்குங்க. அப்பப்போ மட்டும் முன்ன பின்ன மாத்தி மாத்திப் பிடிச்சா ஒரு ரிம் ஆறும்போது இன்னொண்ணு வேலை செய்யும். கை வலிக்கு ஜெல் வெச்ச கிளவுஸ் போதும்.

சங்கிலி_எண்ணெய்

பழைய கேலிப்பர் சொல்றதுல பாதி சரி. முன் பிரேக்கைத் திடீர்னு இறுக்கினா பின் சக்கரம் தூக்கும், உண்மைதான். அதனால அதைத் தொடாதீங்கன்னா வண்டி நிக்கவே நிக்காது. பிரேக் பிடிச்சதும் எடை முழுக்க முன் சக்கரத்துக்கு வந்துரும். எடை இல்லாத பின் சக்கரம் லேசா அழுத்தினாலே பூட்டி வழுக்கும். இறக்கத்துல எடை ஏற்கெனவே முன்னாடி சாய்ஞ்சிருக்கிறதால அது இன்னும் சீக்கிரம் நடக்கும். நிறுத்துற வேலைல பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். பின்னது வழுக்க ஆரம்பிச்சா, ரெண்டையும் கொஞ்சம் தளர்த்துங்கன்னு அர்த்தம்.

தலைகுப்புற விழாம இருக்க, பிரேக் பிடிக்கும்போதே இடுப்பைச் சீட்டுல பின்னாடி தள்ளி, நெஞ்சை இறக்கி, பெடல் ரெண்டையும் சமமட்டத்துல வெச்சுக் கால்ல நில்லுங்க. பிரேக்கை ஒரு நொடிக்குள்ள படிப்படியா ஏத்தணும், வெடுக்குன்னு கூடாது.

இப்போ கை விஷயம். ஹுட்ல இருந்து பிடிக்கும்போது விரல் லீவரோட மேல்பாதியில விழுது, அங்க நெம்புவிசை குறைவு. டிராப்ல, அதான் கீழ வளைஞ்ச பகுதியில, கை வெச்சா விரல் லீவரோட நுனிப்பக்கம் போகும். அதே பிரேக்குக்குப் பாதி பலம் போதும்னு உடனே தெரியும். டிராப்ல இருந்து லீவர் எட்டலைன்னா, ஹுட் ரப்பருக்கு அடியிலயோ லீவரோட முன்பக்கத்துலயோ எட்டத்தைக் குறைக்கிற சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருப்பி லீவரை உள்ள கொண்டுவாங்க. அப்புறம் கேபிளைச் சரி பண்ணாம விட்டுராதீங்க, லீவர் கைப்பிடியைத் தொட்டுரும். முழுசா அழுத்தினாலும் லீவருக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவுல ரெண்டு விரல் இடம் இருக்கணும். கேலிப்பர்ல இருக்கிற குயிக் ரிலீஸ் நெம்பு மூடியிருக்கான்னும் பாருங்க. சக்கரத்தைக் கழட்டி மாட்டினவங்க அதைத் திறந்தபடியே விட்டுட்டு பிரேக் சரியில்லைன்னு வர்றது சகஜம்.

எந்த லீவர் எந்தப் பிரேக்குன்னும் நின்ன இடத்துலயே சோதிச்சுக்கோங்க. இங்க வழக்கமா வலதுதான் முன், ஆனா இடதுல முன் பிரேக் வெச்சு வர்ற சைக்கிளும் இருக்கு.

ஊசிவளைவு

பிடிச்சுக்கிட்டே இறங்குறதுதான் மூல வியாதி தம்பி. நிறுத்தாம 20ல இறங்கும்போது காத்தோட எதிர்ப்பு கிட்டத்தட்ட இல்ல, அதனால மலை குடுக்குற சக்தி அத்தனையும் ரிம்முக்குத்தான் போகுது. நேர் ரோட்டுல விட்டு 35ல போய், நிமிர்ந்து உக்காந்து நெஞ்சால காத்தை வாங்கினா, காத்தே ஒரு பங்கு வேகத்தைத் தின்னுடும். ரிம்மும் விரலும் அந்த நேரத்துல ஆறும். காரவள்ளி ரோட்டுல சில இடத்துல ரெண்டு வளைவுக்கு நடுவுல கொஞ்ச தூரம்தான் இருக்கும். அங்க விட்டு ஓட முடியாது, மெதுவாத்தான் போகணும். அங்கயும் அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டுன்னு போங்க.

ஒரு வளைவை மட்டும் எடுத்துக்குவோம். நேர்ல 35 இருக்கீங்க, வளைவுக்குள்ள 15 போதும். உலர்ந்த தார்ல, உறுதியா பிடிச்சா 20 மீட்டருக்குள்ள அந்த வேகத்துக்கு வந்துரலாம். பழகுற வரைக்கும் 30 மீட்டர் வெச்சுக்கோங்க. முக்கியமானது, சைக்கிள் நிமிர்ந்து இருக்கும்போதே அந்த வேலை முடியணும். சாயும்போது விரல் லீவர்ல தொட்டுக்கிட்டு மட்டும் இருக்கணும். நீங்க வளைவு நடுவுலயும் பிடிக்கிறீங்க. பிரேக் பிடிச்சா சைக்கிள் நிமிரப் பாக்கும், நிமிர்ந்தா நேரா ஓடும். இடது வளைவுல நேரா ஓடுனா நடுக்கோட்டைத் தாண்டும். தானா போகுதுன்னு நீங்க சொன்னது இதுதான்.

15க்கும் 20க்கும் என்ன பெருசான்னு தோணும். அதே வளைவுல டயர் தாங்க வேண்டிய பக்கவாட்டு விசை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிரும். அந்தத் தப்பு கொண்டை ஊசியில மன்னிக்காது.

கோடு பத்தி. டிவியில ரேஸ்காரங்க ரோடு முழுக்க எடுக்குறதைப் பாத்துக் கத்துக்காதீங்க, அவங்களுக்கு ரோடு அடைச்சிருக்கும். நமக்கு இடது பாதி மட்டும்தான். இடது கொண்டை ஊசியில, நம்ம பாதியிலயே நடுக்கோட்டுப் பக்கமா உள்ள வந்து, சீக்கிரம் திரும்பாம பொறுத்து, வெளியேறுற ரோடு கண்ணுக்குத் தெரிஞ்ச பிறகு உள்ஓரத்தைத் தொடுங்க. சீக்கிரம் திரும்பினா முடிவுல இடம் பத்தாம வலது பக்கம் தள்ளும். உள்ஓரத்துல சரிவு ரொம்பச் செங்குத்து, மழை பேஞ்சா மணலும் அங்கதான் தங்கும். அதனால ஒட்டிப் போகாம ஒரு மீட்டர் விட்டுத் தொடுங்க.

வலது கொண்டை ஊசிதான் எனக்குப் பயம். நமக்கு வெளிவட்டம், அகலமா இருக்கேன்னு தோணும். கீழ இருந்து ஏறி வர்ற பஸ்ஸுக்கு அது இறுக்கமான இடது வளைவு. மூக்கை நம்ம பக்கம் முழுசா நீட்டாம அவரால திரும்பவே முடியாது. அதனால வலது வளைவுக்கு முன்னாடி நிக்கிற அளவு வேகத்துக்கு வாங்க, ஹாரன் சத்தம் கேளுங்க, குவிகண்ணாடி இருந்தா பாருங்க. ஏறுறவங்களுக்குத்தான் முன்னுரிமை. நமக்கு முன்னாடி இறங்குற பஸ்ஸை இடது வளைவுல உள்பக்கமா முந்தவே கூடாது. வலது பக்கம் விரிஞ்சு போகுற மாதிரி இருக்கும், அப்புறம் பின்சக்கரம் அந்த இடத்தை மூடிரும்.

உயரக்காரன்

நான் 188 செ.மீ., பெரிய ஃபிரேம். வேகம் 55ஐத் தாண்டினா ஹேண்டில் படபடன்னு ஆடுது, பிரேக் பிடிச்சா இன்னும் மோசம். இதுவும் பிரேக் பிரச்சினைதானா?

ஊசிவளைவு

இது வேற. கை இறுக்கினா ஆட்டம் அதிகமாகும். ரெண்டு முழங்காலாலயும், இல்ல ஒரு தொடையாலயும், மேல் ட்யூபை நெருக்கிப் பிடிங்க, சீட்டுல இருந்து எடையைக் கொஞ்சம் தூக்குங்க, ஆட்டம் அடங்கும். அதுக்கப்புறம் மெதுவா பிரேக். வீட்டுக்கு வந்து ஹெட்செட் தளர்வா இருக்கா, முன் சக்கரம் சரியா உக்காந்திருக்கா, டயர் கோணலா மாட்டியிருக்கான்னு பாருங்க. எல்லாம் சரியா இருந்தும் சில ஃபிரேமுக்கு அப்படி ஆடும், காரணத்தைப் பிடிக்கிறது கஷ்டம்.

முட்டையூருக்கும் இது பொருந்தும். முழங்கை மடங்கியிருக்கணும், தோள் காதை விட்டு இறங்கியிருக்கணும். ஓடும்போதே, கட்டை விரலை வளைச்சபடி விட்டுட்டு, மத்த விரல்களை ஒவ்வொண்ணா ஆட்டிப் பாருங்க. ஆட்ட முடியலைன்னா இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க. வளைவுல வெளிக்கால் கீழ, எடை அந்தப் பெடல்ல, கண்ணு வளைவு முடிவுல. பள்ளத்தைப் பாத்தா பள்ளத்துக்குத்தான் போவீங்க.

முட்டையூர்க்காரன்

அக்கா, அண்ணா, ரெண்டு பேருக்கும் நன்றி. ட்யூபைப் பாத்தேன். ஓட்டை உள்பக்கம்தான், சரியா ஒரு ஸ்போக் துளைக்கு நேரா. அந்த வரிசையில இன்னும் நாலஞ்சு இடத்துல பொத்தான் மாதிரி வட்டமா புடைச்சிருக்கு. ரிம் டேப் மெல்லிசு ரப்பர் பட்டை, ஒரு பக்கம் நகர்ந்து துளை பாதி தெரியுது.

சங்கிலி_எண்ணெய்

அப்போ கேஸ் முடிஞ்சுது. ரிம் சூடாகி ரப்பர் பட்டை இளகி, 115 காத்து ட்யூபைத் துளைக்குள்ள பிதுக்கிருச்சு. ஓடும்போது காத்து ரிம்மை ஆத்திக்கிட்டே இருக்கும். நின்னதும் ஆத்த ஒண்ணுமில்ல, சூடு உள்ள இறங்கும். அதான் நின்ன பிறகு வெடிச்சுது. துணி டேப்போ, இழுபடாத கெட்டி பிளாஸ்டிக் டேப்போ, ரிம்மோட உள்அகலம் முழுக்க மூடுற அளவுல வாங்கி ஒட்டுங்க. பின் சக்கரத்துக்கும் சேர்த்து. காத்தை முன்னாடி 75, பின்னாடி 80ன்னு இறக்குங்க. உங்க எடைக்கு அது தாராளம், சரளைல குதிக்காம ஒட்டும், கை அதிர்வும் குறையும்.

பிரேக் பேடையும் கழட்டிப் பாருங்க. அலுமினியத் துணுக்கு பதிஞ்சிருந்தா ஊசியால பிடுங்கிடுங்க, இல்லைன்னா ரிம்மைச் சுரண்டும். டிஸ்க் இப்போ தேவையில்ல. மழைல அடிக்கடி இறங்குவீங்கன்னா யோசிக்கலாம். ரிம் பிரேக்ல ஈரத்தைத் துடைக்கவே முதல் சில சுத்து போயிரும், அதனால அப்ப முன்கூட்டியே லேசா தொட்டுக்கிட்டு வரணும்.

பழைய_கேலிப்பர்

மாத்தி மாத்திப் பிடிக்கிறதுக்கு யாரும் பதில் சொல்லலையே?

சங்கிலி_எண்ணெய்

மொத்தச் சூடு அதேதான் அண்ணே. ஒண்ணு ஆறுற நேரத்துல இன்னொண்ணு ரெட்டிப்பா சுடும். விரலுக்கு ஓய்வு கிடைக்கும், அது வேணும்னா ஒத்துக்கிறேன்.

பழைய_கேலிப்பர்

நீங்க சொல்லுங்க, நான் மாத்தித்தான் பிடிப்பேன்.

முட்டையூர்க்காரன்

டேப் வாங்கியாச்சு. விரல் மரத்துப்போறது சமதளத்துலயும் ஒரு மணி நேரத்துக்கு மேல போனா வருது, சுண்டு விரல்லயும் பக்கத்து விரல்லயும் மட்டும். அதுவும் பிரேக்காலதானா?

ஊசிவளைவு

அது பிரேக் இல்ல. உள்ளங்கையோட சுண்டுவிரல் பக்கத்து அடியில நரம்பு அழுந்துது. சீட் முன்னாடி சாய்ஞ்சு, உடம்பு கைமேல சரியுதான்னு ஒரு மட்டப்பலகை வெச்சுப் பாருங்க. ஹேண்டில்பார் உயரம், ஸ்டெம் நீளம், சைக்கிளைப் பக்கவாட்டுல எடுத்த போட்டோ போடுங்க, பாத்துச் சொல்றேன்.